கூட்டத்துக்குச் செல்லும் ஒற்றைத் தாள்: காவிரிக் குறிப்பு ஒன்றின் அமைப்பும் கணக்கும்

அரசுத் துறையின் உயர் அலுவலர் ஒருவர் தம் துறைக்கு வெளியே கூடும் கூட்டத்துக்குச் செல்லும்போது, அவர் கையில் இரண்டு வகைத் தாள்கள் இருக்கும். ஒன்று, கூட்டப் பொருளும் முந்தைய நடவடிக்கைக் குறிப்பும் கடிதப் போக்குவரத்தும் சேர்ந்த தடித்த கோப்பு. மற்றது, அந்தக் கோப்பின் மேல் வைக்கப்படும் ஒரே ஒரு பக்கம். தலைமைச் செயலக வழக்கில் சுருக்கக் குறிப்பு என்று சொல்லப்படும் அந்த ஒற்றைத் தாளைப் பற்றியதே இவ்வுரை. கோப்பு, பிரிவில் அமர்ந்து படிப்பதற்கு உரியது. குறிப்போ, எதிரில் இருப்பவர் ஒரு வினாவை எழுப்பிவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் கண் போய் நிற்பதற்கு உரியது. தாளின் நீளம், எழுத்தின் பருமன், எண்களின் வரிசை, எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது ஆகிய அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

சட்டமன்றப் பணியோடு பழகியவர்களுக்கு இதற்கு நெருங்கிய உறவுடைய ஒன்று தெரியும். உடுக்குறியிட்ட வினாவுக்கு, அதாவது அவையில் வாய்மொழியாக விடை கேட்கப்படும் வினாவுக்கு, அமைச்சர் விடை கூறியபின் உறுப்பினர்கள் எழுப்பக்கூடிய துணை வினாக்களை முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, அவற்றுக்கான விடைகளைத் துறை எழுதிக் கொடுக்கும் வழக்கமே அது. வெளிக்கூட்டக் குறிப்பு அந்தக் கலையின் இன்னொரு கிளை. ஆனால் அதைவிடக் கடினமானது. அவையில் வினா எழுப்புபவர் பெரும்பாலும் தகவலைக் கேட்கிறார்; வெளிக்கூட்டத்திலோ, எதிரில் இருப்பவரும் அதே பொருளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த அலுவலர், அவர் முன்னாலும் அவர் துறை எழுதிக் கொடுத்த ஒரு தாள் இருக்கிறது.

பொதுப்படப் பேசினால் இந்தக் கலையின் நுட்பம் பிடிபடாது என்பதால், தமிழ்நாட்டின் நீர்வளத்துறை அலுவலர் ஒருவர் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவின் கூட்டத்துக்குச் செல்லும் நிலையை இவ்வுரை எடுத்துக்கொள்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வழங்கியது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதனைத் திருத்தியது. அத்தீர்ப்பைச் செயல்படுத்தும் திட்டம் 2018 ஜூன் 1 அன்று அறிவிக்கப்பட்டது. அத்திட்டத்தின் கீழ், மேல்நிலையில் காவிரி நீர் மேலாண்மை ஆணையமும், நீர்வரத்தையும் திறப்பையும் அன்றாடம் கவனிக்கும் ஒழுங்காற்றுக் குழுவும் அமைந்தன. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகிய நான்கு தரப்பும் இரண்டிலும் இடம்பெறுகின்றன. கீழே வரும் அளவீடுகளில் தீர்ப்பின் எண்கள் உண்மையானவை. கூட்ட நாளின் நீர்வரத்தும் இருப்பும் மட்டும் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

குறிப்பை எழுதத் தொடங்கும் பிரிவு அலுவலர் முதலில் செய்ய வேண்டியது அளவுகளை ஒரே மொழிக்குக் கொண்டுவருவது. காவிரியைப் பற்றிய தாள்களில் இரண்டு அளவுகள் கலந்து வருகின்றன. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அது தேங்கியிருக்கும் அல்லது வந்து சேர்ந்த நீரின் மொத்த அளவு. விநாடிக்கு இத்தனை கன அடி என்பதோ நீர் ஓடும் வீதத்தைச் சொல்வது. நாளிதழ்களிலும், சில வேளை அலுவலகத் தாள்களிலும் 'விநாடிக்கு' என்ற சொல் உதிர்ந்துபோய் '5,000 கன அடி திறப்பு' என்று மட்டும் நின்றுவிடுகிறது. அவசரத்தில் அதனைப் படிக்கும் அலுவலர் மொத்த அளவையும் ஓட்டத்தையும் குழப்பிக்கொள்ள அது போதும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்பதால், விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். இந்த ஒரு மாற்று எண் குறிப்பின் மேல் மூலையில் எப்போதும் இருக்க வேண்டும், ஏனெனில் கூட்டத்தில் ஆணை ஓட்டத்தின் அளவில் பிறக்கிறது, பாக்கியோ டி.எம்.சி. கணக்கில் பேசப்படுகிறது. 2023 ஆகஸ்டு இறுதியில் விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் நீர் கிடைக்க வேண்டும் என்று குழு கூறியது. அது மொத்தத்தில் 6.48 டி.எம்.சி. என்பதை அந்த இடத்திலேயே சொல்ல முடிகிற அலுவலரும், பிறகு கணக்கிட்டுச் சொல்வதாகக் கூறுகிற அலுவலரும் அந்த அறையில் ஒரே எடையோடு பார்க்கப்படுவதில்லை.

அடுத்தது, கேட்கப்போகும் அளவைக் கணக்கிடுவது. சாதாரண ஆண்டில் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. நீர் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. பிலிகுண்டுலு என்பது இரு மாநில எல்லையில், கிருஷ்ணகிரி மாவட்டப் பக்கமாக, மத்திய நீர் ஆணையம் நீரோட்டத்தை அளக்கும் நிலையம். இந்த மொத்த அளவு மாதவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது, ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 டி.எம்.சி. என்பவை குறுவைக்கும் சம்பா தொடக்கத்துக்கும் உயிர்நாடியான மாதங்களின் எண்கள். ஆகஸ்டு 27 மாலையில் கணக்கு முடிக்கப்படுவதாகக் கொண்டால், ஜூன், ஜூலை அளவுகள் முழுதும், ஆகஸ்டின் 31 நாளில் 27 நாளுக்குரிய பங்கும் சேர்ந்து 80.45 டி.எம்.சி. வந்திருக்க வேண்டும்.

மழை பொய்த்த ஆண்டில் இந்த 80.45-ஐ அப்படியே கேட்டு நிற்கும் குறிப்பு, அலுவலரைத் தோற்கும் வாதத்தோடு அறைக்குள் அனுப்புகிறது. பற்றாக்குறை ஆண்டில் எல்லாத் தரப்பின் பங்கும் விகிதப்படி குறைக்கப்பட வேண்டும் என்று நடுவர் மன்றமே சொல்லியிருக்கிறது. குறைப்பின் அளவுகோல் எது என்பதில்தான் வழக்கு நீடிக்கிறது. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகிய நான்கு அணைகளுக்கு வந்த நீரைக் கடந்த 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டுக் குறைவைக் காண்பது பேச்சுகளில் அடிப்படையாக வருகிறது. அந்தக் குறைவு 50 விழுக்காடு என்று கொண்டால், 27ஆம் நாள் வரை வரவேண்டியது 40.22 டி.எம்.சி. ஆகிறது. வந்து சேர்ந்தது 32 என்று கொண்டால், விகிதப்படிக் குறைத்த பின்னும் நிற்கும் பாக்கி 8.22 டி.எம்.சி. இனி, அடுத்த 15 நாளுக்கு, அதாவது ஆகஸ்டின் எஞ்சிய 4 நாளுக்கும் செப்டம்பரின் முதல் 11 நாளுக்கும், சாதாரண ஆண்டின் பங்கு 19.41, அதில் பாதி 9.70. இரண்டும் சேர்ந்து 17.92 டி.எம்.சி.; அதனை 15 நாளுக்குப் பிரித்தால் விநாடிக்கு ஏறத்தாழ 13,800 கன அடி.

இந்தக் கணக்கின் சிறப்பு, எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளும் குறைவு விழுக்காட்டை எடுத்துக்கொண்டே கோரிக்கை எழுவதில் இருக்கிறது. கர்நாடகத்தின் அலுவலர் அணைகளுக்கு நீர் பாதிதான் வந்தது என்று சொல்லும்போது, அந்தப் பாதியை ஏற்றுக்கொண்டுதான் இந்த அளவு கேட்கப்படுகிறது என்று விடை சொல்லலாம். அவர் தம் வாதத்தின் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார். மண்டியாவின் கரும்பு உழவரும் தஞ்சையின் நெல் உழவரும் அதே வானத்தைப் பார்ப்பவர்கள் என்பதால், மேல்மடையின் வறட்சியை மறுக்கும் குறிப்பு உண்மைக்கும் பொருந்தாது, கூட்டத்திலும் நிற்காது.

பின்வாங்கும் எல்லையும் முன்கூட்டியே கணக்கிடப்பட வேண்டும். பாக்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நடப்புப் பங்கை மட்டும் இப்போது தரலாம் என்று குழு சாயுமானால், 9.70 டி.எம்.சி. என்பது விநாடிக்கு ஏறத்தாழ 7,500 கன அடி. அதற்குக் கீழே போகும் எந்த அளவும் விகிதப்பங்கே குறைக்கப்பட்டதாக ஆகும். அத்துடன், 8.22 டி.எம்.சி. பாக்கி என்பது நடவடிக்கைக் குறிப்பில் எண்ணாகப் பதிவாக வேண்டும்; பதிவாகாத பாக்கி அடுத்த கூட்டத்தில் இல்லாத பாக்கியாகிவிடும். இந்த எல்லை அலுவலருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அந்த ஒற்றைத் தாளில் எழுதப்படக் கூடாது என்பது இத்துறையில் உழைத்தவர்கள் தவறாமல் வலியுறுத்தும் செய்தி. தாள் மேசைமேல் விரிந்து கிடக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணுக்கும், தேநீர் வைக்க வருபவரின் கண்ணுக்கும் எட்டும். கூட்டம் முடிந்து எழும்போது மறந்துவிடப்படலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு நாள் யாரேனும் அதனைக் கேட்கவும் கூடும். ஆகவே பின்வாங்கும் அளவு, துறைச் செயலரின் ஒப்புதலோடு, புறப்படுவதற்கு முன் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது.

இனி, குறிப்பின் உயிரான பகுதிக்கு வரலாம். எதிர்பார்க்கும் வினாக்களை எழுதுவதில் பிரிவுகள் பொதுவாகச் செய்யும் பிழை, விடை தயாராக இருக்கும் வினாக்களை எழுதிக்கொள்வது. மாநிலத்துக்கு உரிய பங்கு எவ்வளவு, தீர்ப்பு எப்போது வந்தது, அதில் என்ன கூறப்பட்டது என்பன போன்ற வினாக்களை ஒழுங்காற்றுக் குழுவில் எவரும் கேட்பதில்லை. கேட்கப்படும் வினாக்கள் மூன்று இடங்களில் கிடைக்கும்: முந்தைய நடவடிக்கைக் குறிப்பில் எதிர்த்தரப்பு பேசியதாகப் பதிவான வரிகளில், எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுக்களில், அன்றைய காலை இதழ்களில் எதிர்த்தரப்பு அமைச்சர் கூறிய சொற்களில். அவற்றிலிருந்து எடுத்த வினாவை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே, அதன் முழு வலிமையோடு எழுதிக்கொள்ள வேண்டும். பிரிவில் உட்கார்ந்து அந்த வினாவை மென்மையாக்கி எழுதினால், விடையும் மென்மையான வினாவுக்கே பொருந்தும். கூட்டத்தில் வரும் கூரிய வினாவுக்கு முன் அலுவலர் வெறுங்கையோடு நிற்பார்.

காவிரிக் கூட்டத்தில் வரக்கூடிய வினாக்களுள் ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். 'மேட்டூரில் நீர் இருக்கிறது. இருப்பை வைத்துக்கொண்டே ஏன் கேட்கிறீர்கள்?' என்பது அது. பிரிவிலிருந்து வரும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'மேட்டூர் அணையின் நீர் இருப்பு நாளுக்கு நாள் குறைந்து வருவதாலும், காவிரிப் பாசனப் பகுதி உழவர்களின் நலன் கருதியும், உரிய நீரைப் பெற தமிழ்நாடு அரசு தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது.' இந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை, விடையும் இல்லை. கேட்டவர் அளவைக் கேட்டார், கிடைத்தது நிலைப்பாடு. இதற்குப் பதிலாக எழுதப்பட வேண்டிய விடைக்கு நான்கு எண்கள் வேண்டும்: அன்று காலை 8 மணி இருப்பு, அதில் குடிநீருக்காக நிறுத்த வேண்டியது, நாள்தோறும் பாசனத்துக்குத் திறப்பது, அந்த வேகத்தில் எத்தனை நாள் தாங்கும் என்பது. இருப்பு 22 டி.எம்.சி., குடிநீருக்கு நிறுத்துவது 10, பாசனத்துக்குத் திறப்பு விநாடிக்கு 7,000 கன அடி என்று கொண்டால், நாளுக்குச் செலவு 0.605 டி.எம்.சி.; எஞ்சிய 12 டி.எம்.சி. 20 நாளுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே விடை இப்படி அமையும்: 'அணையின் முழுக் கொள்ளளவு 93.47, இன்று காலை இருப்பு 22. குடிநீருக்கான 10 போக, பாசனத்துக்கு 12 இருக்கிறது. இன்றைய திறப்பில் அது செப்டம்பர் 16 வரைதான் வரும். நிற்கும் பயிருக்கு அதற்கு அப்பாலும் நீர் வேண்டும்.' இதனை ஒருவர் நிதானமாகச் சொல்ல அரை நிமிடம் கூட ஆகாது. கடைசி வாக்கியத்தில் பயிர் தலைகாட்டுவதால், எண்கள் எதற்காகச் சொல்லப்பட்டன என்பதும் அறையில் இருப்பவர்களுக்கு விளங்கிவிடும்.

விடையின் அளவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. எழுதியவர் அதனை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியம் முடியாவிட்டால், அது கோப்பின் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, வாயின் மொழியில் அல்ல. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் விடைகளும் அந்த மொழியிலேயே எழுதப்படும். ஆயினும் இந்தச் சோதனை எந்த மொழிக்கும் பொதுவானது. கணக்கைத் தமிழில் சொல்லிப் பார்த்துச் சரிபார்க்கும் பிரிவுகளில் பிழை குறைவதையும் காணலாம், ஏனெனில் தாய்மொழியில் சொல்லும்போது பொருள் தெரியாத வாக்கியம் உடனே தட்டுப்படுகிறது.

வேறு மூன்று வினாக்களைச் சுருக்கமாகக் காணலாம். பெங்களூருவின் குடிநீர்த் தேவையே முதன்மையானது என்ற வாதம் வரும்போது, அந்தத் தேவையை மறுக்காமல், உச்ச நீதிமன்றம் 2018இல் கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தி 284.75 ஆக்கியபோது அதில் 4.75 பெங்களூருவின் குடிநீருக்காகவே கொடுக்கப்பட்டது என்பதை நினைவூட்டினால் போதும். குடிநீர் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வரப்போகிறதே என்ற வினாவுக்கு, அந்த மழை தொடங்குவது அக்டோபரின் மூன்றாம் வாரம் அளவில் என்பதும், ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்ததும் நடப்பட்ட குறுவைக்குப் பால்பிடிக்கும் பருவம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது என்பதும் விடை. 'நாங்கள் திறந்துவிட்டோம், உங்களுக்கு வரவில்லை என்றால் அது யார் குற்றம்?' என்ற வினாவுக்கு, கணக்கு அணைவாயில் திறப்பைக் கொண்டு அல்ல, பிலிகுண்டுலுவில் வந்து சேர்ந்ததைக் கொண்டு என்பதே விடை. இந்தக் கடைசி வினாவில் பிரிவினரே தடுக்கி விழுவதுண்டு. அணையில் திறந்த நீர் எல்லைக்கு வர நாட்கள் ஆகும். நேற்றைய திறப்பையும் இன்றைய வரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட குறிப்பு, நீர் காணாமல்போனது போன்ற பொய்த்தோற்றத்தை உண்டாக்கும். எதிர்த்தரப்பு அதனை நொடியில் உடைத்துவிடும். அளவின் பக்கத்தில் இடமும் நேரமும் எழுதப்படாத எண்ணைக் குறிப்பில் வைக்கவே கூடாது.

எல்லா வினாக்களிலும் கடினமானது, தன் தரப்பின் பலவீனத்தைத் தொடும் வினா. குறுவைப் பரப்பு நடுவர் மன்றம் கணக்கில் எடுத்த பரப்பைவிட அதிகமாக விதைக்கப்பட்டுள்ளது என்று கர்நாடகம் 2023இலும் வாதிட்டது. இந்த வினாவைக் குறிப்பில் சேர்க்கப் பிரிவுகள் தயங்குகின்றன. அரசுக்குச் சாதகமில்லாத ஒன்றைத் தம் கையால் எழுதிவைத்ததாக ஆகிவிடுமோ என்ற அச்சமே காரணம். ஆனால் இந்த வினாவே கட்டாயம் வர இருப்பது. இதற்கு விடை இல்லாமல் அலுவலரை அனுப்புவது, வெள்ளம் வரும் என்று தெரிந்தும் மதகுக்கு ஆள் போடாமல் விடுவதற்குச் சமம். செய்ய வேண்டியது, வேளாண்மைத் துறையிடம் அன்றைய பரப்பைக் கேட்டு உண்மை எண்ணை எழுதுவது, அதில் நிலத்தடி நீரால் பாசனம் பெறும் பகுதி எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டுவது, பின்னர் விடையை இப்படி அமைப்பது: 'பரப்பு இவ்வளவு, இதில் இந்த அளவு ஆழ்துளைக் கிணற்றை நம்பியது. கோருவது பரப்புக்கான நீரை அல்ல, தீர்ப்பின்படி பிலிகுண்டுலுவில் வரவேண்டிய பங்கை, அதுவும் விகிதப்படி குறைத்து.' பரப்பு உண்மையிலேயே அதிகமாயின் அதனை மறைக்கும் சொல் ஒன்றும் விடையில் இருக்கக் கூடாது, ஏனெனில் அடுத்த கூட்டத்தில் அந்தப் பொய் எழுந்து நின்றால், அதன்பின் மேட்டூர் இருப்பைப் பற்றிச் சொல்லும் மெய்யையும் எவரும் நம்பமாட்டார்கள்.

அலுவலரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட வினாக்களும் வரும். ஒரு புதிய அணைத் திட்டத்தைப் பற்றியோ, நடுவர் மன்றத் தீர்ப்பின் ஏதேனும் ஒரு விதியை மாற்றுவது பற்றியோ தலைவர் கருத்துக் கேட்கலாம். இவற்றுக்கு உரிய விடை ஒரே வகையினது: இந்தப் பொருள் அரசின் முடிவுக்கு உரியது, எழுத்து வடிவில் கேட்டால் எழுத்து வடிவில் விடை வரும். இதற்கான வாக்கியத்தையும் குறிப்பில் அப்படியே எழுதிவைப்பது நல்லது, ஏனெனில் மரியாதைக்காகச் சொல்லப்படும் 'பரிசீலிக்கிறோம்' என்ற ஒற்றைச் சொல்லே பின்னர் நடவடிக்கைக் குறிப்பில் இசைவு போலப் பதிவாகிவிட்ட நிகழ்வுகள் அலுவலகங்களில் உண்டு.

மேற்சொன்னவற்றைச் சேர்த்தால் குறிப்பு இவ்வாறு அமையும். தாளின் தலைப்பில் கூட்டத்தின் பெயர், நாள், நேரம், இடம், தலைமை வகிப்பவரின் பதவி. அதனடியில் 'கோரிக்கை: ஆகஸ்டு 28 முதல் 15 நாளுக்கு, பிலிகுண்டுலுவில் விநாடிக்கு 13,800 கன அடி' என்ற ஒற்றை வரி. அடுத்து, 'நிலை: வரவேண்டியது 80.45, விகிதக் குறைப்புக்குப் பின் 40.22, வந்தது 32, பாக்கி 8.22 (அனைத்தும் டி.எம்.சி., ஆகஸ்டு 27 மாலை நிலவரம்)' என்ற வரி. அதற்குக் கீழ் ஐந்து வினாவும் ஐந்து விடையும். வினா சாய்ந்த எழுத்தில், விடை நேரான எழுத்தில், விடையின் உயிரான எண் தடித்த எழுத்தில். ஒவ்வொரு விடையின் முடிவிலும், சான்று கோப்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் அடையாள எழுத்து. அதே எழுத்து கோப்பின் ஓரத்தில் ஒட்டிய சிறு தாளிலும் இருக்க வேண்டும். தாளின் அடியில், கூட்டம் முடிவதற்குள் தலைவரிடம் பதிவு செய்யக் கேட்க வேண்டிய ஒரே ஒரு செய்தி: பாக்கியின் எண்.

இதற்குமேல் ஒரு வரி சேர்ந்தாலும் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும். எழுத்துப் பருமன் 14-க்குக் கீழே இறங்கினால், ஐம்பது வயதைக் கடந்த அலுவலர் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கும் என்பதைப் பிரிவுகள் நினைத்துக்கொள்வது பயன் தரும். பெரும்பாலும் வெட்டப்பட வேண்டியது வரலாறு. நடுவர் மன்றம் 1990 ஜூன் 2 அன்று அமைந்தது முதல் இன்றுவரை நடந்தவற்றைக் கால்பக்கம் எழுதும் வழக்கம் வேரூன்றிப்போயிருக்கிறது. அந்த மேசையில் அமர்ந்திருப்பவர்களுள் அதனை அறியாதவர் எவரும் இல்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். குறிப்பின் வினாக்கள், விடைகளின் வாக்கியங்கள், கணக்கின் வழி ஆகியவை முந்தைய நாள் மாலைக்குள் முடிந்துவிட வேண்டும். எண்கள் மட்டும் வெற்றிடமாக விடப்பட்டு, அன்று காலை 8 மணி அளவீடு வந்ததும் நிரப்பப்பட வேண்டும். நேற்றைய எண்ணோடு போன குறிப்பு இல்லாத குறிப்பைவிடத் தீங்கானது, ஏனெனில் அலுவலர் அதனை நம்பிப் பேசுவார். எதிர்த்தரப்போ இன்றைய எண்ணை வைத்திருக்கும். இரவில் மேல்மடையில் பெய்த ஒரு மழை, காலைக்குள் கபினியின் நீர்வரத்தை மாற்றிவிடக்கூடும். அப்போது குறைவு விழுக்காடு மாறும், அதனோடு 13,800 என்ற கோரிக்கையும் மாறும். ஆகவே, கணக்கைச் செய்தவர் கூட்டம் முடியும்வரை தொலைபேசியின் பக்கத்திலேயே இருப்பதும், குறைவு 45 விழுக்காடானால் கோரிக்கை என்ன, 55 ஆனால் என்ன என்ற இரண்டு எண்களைத் தம்மிடம் தயாராக வைத்திருப்பதும் பழகிய பிரிவுகளின் வழக்கம்.

கூட்டம் முடிந்து அலுவலர் திரும்பியதும் அந்தத் தாள் பிரிவுக்குத் திரும்பி வர வேண்டும். ஐந்து வினாக்களில் எவை எழுந்தன, எந்த விடை எடுபட்டது, எந்த விடையை அவர் தம் சொல்லில் மாற்றிச் சொன்னார் என்பவற்றை அவர் தாளின் ஓரத்திலேயே குறித்திருப்பார். எழுதப்படாத வினா ஒன்று வந்திருந்தால் அது பென்சிலால் தாளின் பின்பக்கத்தில் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கான குறிப்பில் முதல் வினாவாக அதனை எழுதிவிட்டு, அதற்கான சான்றைத் தேடிப் பிரிவு அலுவலர் அன்று மாலையே மேட்டூருக்கும் வேளாண்மைத் துறைக்கும் தொலைபேசியில் பேசத் தொடங்குகிறார்.